டிபைன்ட் பெனிஃபிட் கணக்கு: டேலி ஆனாலும் தப்பா இருக்கும், எங்கன்னு பாக்கலாம்

எம்ப்ளாயி பெனிஃபிட்டுக்கான அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு இண்ட் ஏஎஸ் 19ல டிபைன்ட் பெனிஃபிட்னு ஒண்ணு வரும், அதாவது வேலைய விட்டு போறப்ப இவ்ளோ தரேன்னு கம்பெனி முன்கூட்டியே வாக்கு கொடுத்த பணம். அந்த கணக்க நிறைய பேரு ரெண்டு அக்கவுண்ட் போட்டு, கடைசில இடிக்கற தொகைய ஆக்சுவேரியல் லாஸ்னு எழுதி, டேலி ஆயிடுச்சுன்னு அடுத்த கேள்விக்கு போயிடுவாங்க, நானும் அப்படித்தான் போயிட்டு இருந்தேன். ஒரு மாக் டெஸ்ட்ல எல்லாமே டேலி ஆகி பாதி மார்க் தான் வந்துச்சு, அப்புறம் தான் மண்டைல ஏறுச்சு, இந்த கணக்குல டேலி ஆகறது ஒரு ஆதாரமே இல்ல. ஏன்னா ஆக்சுவேரியல் கெயின் லாஸே ஒரு பேலன்சிங் ஃபிகர், நீங்க மேல பண்ற தப்ப எல்லாம் அது சத்தமில்லாம முழுங்கிடும். அதனால இந்த கைட முழுக்க அந்த கோணத்துலயே போறேன்: எந்த தப்பு வெளிய தெரியும், எது தெரியாது.

மொதல்ல ஒரே ஒரு ஆள வச்சு பாக்கலாம்

பெரிய நம்பர்க்கு முன்னாடி ஒரு எம்ப்ளாயி எடுத்துக்கோங்க. கிராஜுட்டி தான் நம்ம ஊர்ல இருக்கற பொதுவான டிபைன்ட் பெனிஃபிட். நவம்பர் 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1972 கிராஜுட்டி சட்டப்படி கணக்கு இது: கடைசியா வாங்குன பேசிக் பிளஸ் டிஏ, அத 15/26ஆல பெருக்கி, எத்தனை வருஷ சர்வீஸோ அத்தனையால பெருக்கணும். ஒருத்தர் 5 வருஷம் வேலை பாத்துட்டு போவாரு, அப்ப அவரோட சம்பளம் 52,000 இருக்கும்னு, இந்த மாதிரி எதிர்கால பாக்கிய கணிக்கற நிபுணரான ஆக்சுவரி நினைக்கறாருன்னு வச்சுக்கோங்க. 52,000 × 15/26 = 30,000. அதாவது ஒவ்வொரு வருஷம் வேலை பாக்கறப்பவும் அவருக்கு 30,000 சேருது, ஆனா கைக்கு வரது 5ஆவது வருஷ கடைசில. (நடுவுல விட்டுட்டு போறவங்க, இறந்து போறவங்க எல்லாத்துக்கும் நிகழ்தகவு போடறது ஆக்சுவரி வேலை, அத இங்க விட்டுடறேன்.)

டிஸ்கவுண்ட் ரேட் 7%. மொத வருஷ கடைசில அந்த 30,000க்கு இன்னும் 4 வருஷம் இருக்கு, அதனால 30,000 ÷ 1.07⁴ = 22,887. இதுதான் மொத வருஷ கரண்ட் சர்வீஸ் காஸ்ட். ரெண்டாவது வருஷம் என்ன ஆகுது? பழைய 22,887 ஒரு வருஷம் கிட்ட வந்துடுச்சு, அதுக்கு 7% வட்டி 1,602. கூடவே ரெண்டாவது வருஷ வேலைக்கு இன்னொரு 30,000 சேந்துச்சு, அது இன்னும் 3 வருஷம் தள்ளி, 30,000 ÷ 1.07³ = 24,489. கூட்டினா 48,978. இப்ப குறுக்க செக் பண்ணுங்க, ரெண்டு வருஷத்துக்கு 60,000, அத 3 வருஷத்துக்கு டிஸ்கவுண்ட் பண்ணா அதே 48,978. அப்ப சர்வீஸ் காஸ்ட்ங்கறது இந்த வருஷம் பாத்த வேலைக்கான விலை, வட்டிங்கறது பழைய பாக்கி கிட்ட நெருங்கறதுக்கான விலை, அவ்ளோ தான்.

அதே ரெண்டாவது வருஷ கடைசில ஆக்சுவரி, சம்பளம் 52,000 இல்ல 54,600 ஆகும்னு மாத்தி சொல்றாருன்னா, வருஷத்துக்கு 31,500, ரெண்டு வருஷத்துக்கு 63,000, டிஸ்கவுண்ட் பண்ணா 51,427. நம்ம எதிர்பாத்தது 48,978. அந்த வித்தியாசம் 2,449 தான் ஆக்சுவேரியல் லாஸ். இவரு இந்த வருஷம் கூடுதலா எதுவும் வேலை பாக்கல, நாட்களும் கூடுதலா ஓடல, நம்ம கணிப்பு தான் மாறுச்சு. அதனால தான் இது லாப நஷ்ட கணக்கான பி அண்ட் எல்லுக்கு போகாம, அதுக்கு வெளிய காட்டற அதர் காம்ப்ரிஹென்சிவ் இன்கம், அதாவது ஓசிஐக்கு போகுது.

இப்ப எக்ஸாம்ல வர மாதிரி ஒரு கேள்வி

எல்லாம் லட்சத்துல. வருஷம் 1 ஏப்ரல் 2024ல இருந்து 31 மார்ச் 2025 வரைக்கும்.

ஆரம்பத்துல ஆப்ளிகேஷன், அதாவது எம்ப்ளாயிங்களுக்கு கொடுக்க வேண்டிய பாக்கியோட அன்னிய மதிப்பு, 1,000, பிளான் அசெட்ஸ் 800. (பிளான் அசெட்ஸ்னா தனியா டிரஸ்ட்லயோ, எல்ஐசி மாதிரி இன்சூரன்ஸ் கம்பெனியோட குரூப் கிராஜுட்டி பாலிசிலயோ போட்டு வச்ச பணம், கம்பெனியோட கடன்காரங்க கை வைக்க முடியாதது.) ஆரம்ப டிஸ்கவுண்ட் ரேட் 7%, வருஷ கடைசில 6.8%. கரண்ட் சர்வீஸ் காஸ்ட் 90. ஏப்ரல் 1ஆம் தேதியே ஸ்கீம திருத்துனாங்க, அதனால ஏற்கனவே பாத்த வேலைக்கு கூடுன பாக்கி, அதாவது பாஸ்ட் சர்வீஸ் காஸ்ட், 40. கம்பெனி ஃபண்டுக்கு கட்டுனது 100, ஃபண்ட்ல இருந்து ரிடையர் ஆனவங்களுக்கு போனது 60, ரெண்டுமே மார்ச் 31 அன்னிக்கு. கடைசில ஆக்சுவரி ரிப்போர்ட்டுல ஆப்ளிகேஷன் 1,180, அசெட்ஸோட ஃபேர் வேல்யூ 910.

ஸ்டெப் 1: விடைய மொதல்லயே தெரிஞ்சுக்கோங்க

எந்த அக்கவுண்டும் போடறதுக்கு முன்னாடி, ஆரம்ப நெட் லயபிலிட்டி 1,000 − 800 = 200. கடைசி நெட் லயபிலிட்டி 1,180 − 910 = 270. நடுவுல கம்பெனி கைல இருந்து போனது 100. அப்ப இந்த வருஷ மொத்த செலவு 270 − 200 + 100 = 170. இந்த 170 யாராலயும் மாத்த முடியாது. பி அண்ட் எல்லும் ஓசிஐயும் சேத்து 170 வந்தே ஆகணும், மிச்ச கேள்வி முழுக்க இந்த 170ல கோடு எங்க போடறதுங்கறது தான். இத பேப்பர்ல மூலையில எழுதி வட்டம் போட்டு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: ஆப்ளிகேஷன்

```
ஆரம்பம்                      1,000.0
பாஸ்ட் சர்வீஸ் (ஏப்ரல் 1)       40.0
வட்டி 1,040 × 7%               72.8
கரண்ட் சர்வீஸ் காஸ்ட்           90.0
பெனிஃபிட் கொடுத்தது           (60.0)
எதிர்பாத்தது                 1,142.8
ஆக்சுவேரியல் லாஸ் (பேலன்ஸ்)    37.2
கடைசி                        1,180.0
```

வட்டி 1,000க்கு இல்ல, 1,040க்கு. திருத்தம் ஏப்ரல் 1லயே வந்ததால வருஷம் முழுக்க அந்த 40ம் கிட்ட நெருங்கிட்டு தான் இருந்துச்சு. அதே மாதிரி 90க்கு வட்டி போடறதில்ல, அது வருஷ கடைசி மதிப்புலயே கணக்கு பண்ணி கொடுத்தது, மேல நம்ம ஆளோட 24,489 எப்படி வந்துச்சுன்னு பாத்தாலே புரியும். வருஷ நடுவுல ஸ்கீம் மாறாத வரைக்கும் ரேட் ஆரம்ப ரேட் தான், 7%. 6.8% எங்க போச்சுன்னா, அது 1,180க்குள்ளயே உக்காந்துட்டு இருக்கு, ஆக்சுவரி அத வச்சு தான் அந்த நம்பர போட்டாரு. கேள்வில 6.8% கொடுக்கறதே உங்கள இழுக்கறதுக்கு தான்.

ஸ்டெப் 3: பிளான் அசெட்ஸ்

```
ஆரம்பம்                        800.0
வட்டி வருமானம் 800 × 7%         56.0
கட்டுனது                       100.0
பெனிஃபிட் கொடுத்தது           (60.0)
எதிர்பாத்தது                   896.0
ரீமெஷர்மெண்ட் கெயின் (பேலன்ஸ்)  14.0
கடைசி                          910.0
```

இங்கயும் அதே 7% தான், ஃபண்டு நிஜமா எவ்ளோ சம்பாதிச்சாலும் சரி. நிஜ ரிட்டர்ன் 56 + 14 = 70, கேள்வில சில சமயம் கடைசி ஃபேர் வேல்யூ கொடுக்காம இந்த 70அ மட்டும் கொடுப்பாங்க, அப்ப 70ல இருந்து 56 கழிச்சா 14 நேரடியா கிடைக்கும். பழைய புக்கு வச்சு படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, அதுல எக்ஸ்பெக்டட் ரிட்டர்ன் 10%னு ஒரு ரேட் வரும், 10% காரிடார்னும் ஒண்ணு வரும், ஐஏஎஸ் 19அ 2011ல திருத்துனப்ப ரெண்டையும் எடுத்துட்டாங்க, 1 ஜனவரி 2013ல இருந்து அமல். ஆனா இண்ட் ஏஎஸ் வராத கம்பெனிங்க இன்னும் ஏஎஸ் 15 தான் ஃபாலோ பண்றாங்க, அதுல எக்ஸ்பெக்டட் ரிட்டர்னும் உண்டு, ஆக்சுவேரியல் லாஸ் நேரா பி அண்ட் எல்லுக்கே போகும். கேள்வி எந்த ஸ்டாண்டர்டுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

ஸ்டெப் 4: கோடு போடறது

பி அண்ட் எல்: கரண்ட் சர்வீஸ் 90, பாஸ்ட் சர்வீஸ் 40, நெட் வட்டி 72.8 − 56 = 16.8, மொத்தம் 146.8.
ஓசிஐ: 37.2 − 14 = 23.2 நஷ்டம்.
கூட்டினா 170. மூலைல வட்டம் போட்ட நம்பர் வந்துடுச்சு.

என்ட்ரி:

```
பி அண்ட் எல்   டெபிட்           146.8
ஓசிஐ          டெபிட்            23.2
    பேங்க்                  கிரெடிட்   100.0
    நெட் டிபி லயபிலிட்டி     கிரெடிட்    70.0
```

பெனிஃபிட் கொடுத்த 60க்கு கம்பெனி புக்ஸ்ல என்ட்ரியே கிடையாது, ஃபண்டு கொடுத்துச்சு, ஆப்ளிகேஷன் 60 குறைஞ்சுச்சு அசெட்டும் 60 குறைஞ்சுச்சு, நெட்டுல ஒண்ணும் ஆகல. ஆனா ஃபண்டே இல்லாம கம்பெனி நேரடியா கொடுத்தா கதை வேற, அப்ப ஆப்ளிகேஷன் மட்டும் குறையும், கேஷ் கம்பெனில இருந்து போகும். ஓசிஐக்கு போன 23.2 பின்னாடி எந்த வருஷமும் பி அண்ட் எல்லுக்கு திரும்பி வராது, ஷெட்யூல் 3ல இத ரீடெய்ண்ட் எர்னிங்ஸோட பாகமா தனியா காட்ட சொல்லிருக்கு. ஓசிஐ தொகை மேல வர டாக்ஸும் ஓசிஐக்கு தான் போகணும், கேள்வில டாக்ஸ் ரேட் கொடுத்திருந்தா மறக்காதீங்க.

டேலி ஆகியும் தப்பா போற இடங்க

இப்ப வேணும்னே தப்பு பண்ணி பாக்கலாம், இதுதான் நான் சொல்ல வந்த விஷயமே.

வட்டிய 1,040க்கு பதிலா 1,000க்கு போட்டுட்டீங்கன்னு வச்சுக்கோங்க. வட்டி 70, அப்ப எதிர்பாத்தது 1,140, ஆக்சுவேரியல் லாஸ் 40. பி அண்ட் எல் 144, ஓசிஐ 26, கூட்டினா 170. ஜம்முனு டேலி. ரெண்டு விடையும் தப்பு.

அதவிட மோசம், பாஸ்ட் சர்வீஸ் காஸ்ட்ட முழுசா விட்டுட்டீங்க. வட்டி 70, சர்வீஸ் 90, கொடுத்தது 60, எதிர்பாத்தது 1,100, ஆக்சுவேரியல் லாஸ் 80. பி அண்ட் எல் 90 + 14 = 104, ஓசிஐ 80 − 14 = 66. கூட்டினா 170. 42.8 லட்சம் செலவு பி அண்ட் எல்ல இருந்து ஓசிஐக்கு ஓடிப்போச்சு, பேலன்ஸ் ஷீட்டுல ஒரு பைசா மாறல. ஆடிட்லயும் இதே ஆபத்து உண்டு, லாபத்த கொஞ்சம் தூக்கி காட்டணும்னு ஆசப்படற கம்பெனிக்கு இதவிட வசதியான இடம் கிடையாது.

பெனிஃபிட் 60அ ரெண்டு பக்கமும் மறந்தா இன்னும் வேடிக்கை. ஆப்ளிகேஷன்ல 22.8 கெயின் வரும், அசெட்ல 46 லாஸ் வரும், நெட் ஓசிஐ அதே 23.2. பி அண்ட் எல்லும் சரி ஓசிஐயும் சரி, ஆனா டிஸ்க்ளோஷர்ல ரெண்டு நம்பரும் கேலிக்கூத்தா இருக்கும். ஒரு பக்கம் மட்டும், ஆப்ளிகேஷன்ல மட்டும் மறந்தா தான் மாட்டுவீங்க, ஓசிஐ 36.8 கெயின் ஆயிடும், பி அண்ட் எல்லோட கூட்டினா 110, 170க்கு 60 குறையும். அந்த 60அ பாத்தாலே எங்கன்னு தெரிஞ்சுடும்.

அப்ப 170 செக் பிடிக்கறது ஒரு பக்கம் மட்டும் பண்ண தப்ப தான். வட்டி, ரேட், தேதி, சர்வீஸ் காஸ்ட் இதுல பண்ற தப்ப அது பிடிக்கவே பிடிக்காது. அதுக்கு நான் பண்றது வேற ஒண்ணு, பேலன்சிங் ஃபிகர பாத்து இது நியாயமா இருக்கான்னு கேக்கறது. நம்ம கேள்வில ரேட் 7ல இருந்து 6.8க்கு இறங்குச்சு, ரேட் இறங்குனா ஆப்ளிகேஷன் ஏறும், அப்ப லாஸ் தான் எதிர்பாக்கணும், 37.2 லாஸ், திசை சரி. அளவு? பெனிஃபிட்டு சராசரியா 8 வருஷம் தள்ளி போகுதுன்னா 0.2 × 8 = 1.6%, 1,142.8க்கு சுமார் 18. மிச்சம் 19 சொச்சம் சம்பள உயர்வு, ஆட்கள் வேலைய விடாதது இந்த மாதிரி அனுபவ வித்தியாசத்துல இருந்து வந்திருக்கணும், நம்பக்கூடிய அளவு தான். அதுவே 80 வந்திருந்தா ஏதோ விட்டுருக்கோம்னு சந்தேகம் வரணும். ரேட் இறங்கியும் பெரிய கெயின் வந்தா பேனாவ கீழ வச்சுட்டு கேள்விய மறுபடி படிங்க.

தேதி மாறுனா

100அ மார்ச் 31ல கட்டாம அக்டோபர் 1ல கட்டுனாங்கன்னு கேள்வில இருந்தா, அதுக்கு 6 மாச வட்டி 3.5 வரும். அசெட் வட்டி 59.5, நெட் வட்டி 13.3, பி அண்ட் எல் 143.3. அசெட் பக்க கெயின் 14ல இருந்து 10.5ஆ குறையும், ஓசிஐ 26.7. கூட்டினா அதே 170. தேதி மாறுனா கோடு மட்டும் தான் நகருது பாத்தீங்களா. தேதி எதுவுமே கொடுக்கலைன்னா வருஷ கடைசின்னு எடுத்துட்டு, அப்படி எடுத்தேன்னு ஒரு வரி எழுதிடுங்க.

ஸ்கீம் திருத்தம் வருஷ நடுவுல வந்தா

இதுல தான் இப்ப நிறைய பேரு சறுக்கறாங்க. முன்னாடி, ஆரம்ப ரேட்டயே வருஷம் முழுக்க இழுத்துட்டு போவாங்க. 2018ல வந்த திருத்தம், நம்ம ஊர்ல 1 ஏப்ரல் 2019ல இருந்து, ஸ்கீம் திருத்தம், ஸ்கீம்ல இருக்கற ஆட்கள் பெரிய அளவுல குறையற கர்டெயில்மெண்ட், செட்டில்மெண்ட் இதுல எது நடந்தாலும் அன்னிக்கு நெட் லயபிலிட்டிய புது அனுமானங்கள வச்சு திரும்ப அளந்து, மிச்ச மாசத்துக்கு சர்வீஸ் காஸ்ட்டும் வட்டியும் அந்த புது அனுமானத்துல தான் போடணும்னு சொல்லிடுச்சு.

அதே கேள்விய அக்டோபர் 1க்கு நகர்த்தலாம். மொத அரையாண்டு சர்வீஸ் 45, நெட் வட்டி 200 × 7% × 6/12 = 7. அக்டோபர் 1ல பாஸ்ட் சர்வீஸ் 40, அன்னிக்கு ஆக்சுவரி அளந்த நெட் லயபிலிட்டி, திருத்தத்தையும் சேத்து, 290, ரேட் 6.6%. ரெண்டாவது அரையாண்டு சர்வீஸ் 48 (புது அனுமானத்துல). வட்டி 290 × 6.6% × 6/12 = 9.57. 100 கட்டுனது பழையபடி மார்ச் 31.

```
பி அண்ட் எல்: 45 + 7 + 40 + 48 + 9.57 = 149.57
ஓசிஐ மொத பாதி:      200 + 45 + 7 + 40 = 292
                    292 − 290 = 2 கெயின்
ஓசிஐ ரெண்டாவது பாதி: 290 + 48 + 9.57 − 100 = 247.57
                    270 − 247.57 = 22.43 லாஸ்
ஓசிஐ நெட்: 20.43 லாஸ்
```

149.57 + 20.43 = 170. ஓசிஐய ரெண்டு துண்டா போடறது தான் இங்க முக்கியம், ஒரே துண்டா போட்டா நடுவுல எங்க தப்பு பண்ணீங்கன்னு உங்களுக்கே தெரியாது. இன்னொண்ணு, பாஸ்ட் சர்வீஸ் காஸ்ட்ட அளக்கறப்ப திருத்தத்துக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ, ரெண்டுமே அன்னிய அனுமானத்துல அளந்து வித்தியாசம் எடுக்கணும், அப்ப தான் ரேட் மாறுன பாதிப்பு 40க்குள்ள கலக்காம ஓசிஐக்கு போகும்.

பாஸ்ட் சர்வீஸ் காஸ்ட்னா வெறும் எக்ஸாம் விஷயம்னு நினைக்காதீங்க. 29 மார்ச் 2018 அன்னிக்கு கிராஜுட்டி உச்சவரம்ப 10 லட்சத்துல இருந்து 20 லட்சமா ஏத்துனாங்க. தேதிய பாருங்க, வருஷ முடிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி. சட்ட வரம்பு வரைக்கும் தான் கொடுப்போம்னு வச்சிருந்த கம்பெனிங்களுக்கு, ஏற்கனவே 15, 20 வருஷம் வேலை பாத்தவங்களோட பழைய சர்வீஸுக்கு ஒரே நாள்ல மதிப்பு கூடிடுச்சு, அது அந்த 2017-18 பி அண்ட் எல்லுலயே மொத்தமா வரணும், அடுத்தடுத்த வருஷத்துக்கு பிரிச்சு போட முடியாது. சட்டம் மாறுனதால ஆக்சுவரி நம்பர் மாறுச்சு, அதனால ஆக்சுவேரியல் லாஸ்னு ஓசிஐல தள்ளலாமேன்னு யாராவது கேட்டா, கூடாது, இங்க கணிப்பு மாறல, கொடுக்கறேன்னு சொன்ன வாக்கே மாறிடுச்சு. அதுக்கு முன்னாடியே உச்சவரம்பே இல்லாம கொடுத்துட்டு இருந்த கம்பெனிக்கு இதனால ஒண்ணும் வராது, ஸ்கீம் விதி என்ன சொல்லுதுன்னு பாக்காம என்ட்ரி போட்டுடாதீங்க.

செட்டில்மெண்ட்டும் இதே குடும்பம் தான். ஒரு யூனிட்ட வித்துட்டு அங்க இருக்கறவங்களோட 150 ஆப்ளிகேஷன, 140 அசெட்ட கொடுத்து வாங்குனவன் தலைல கட்டியாச்சுன்னா, 10 கெயின் பி அண்ட் எல்லுக்கு. வழக்கமா ரிடையர் ஆனவருக்கு ஸ்கீம் விதிப்படி பணம் கொடுக்கறது செட்டில்மெண்ட் இல்ல, அது வெறும் பெனிஃபிட் பேமெண்ட், அங்க கெயின் லாஸ்னு எதையும் தேடாதீங்க.

அசெட்ஸ் ஆப்ளிகேஷன விட அதிகமா இருந்தா

ஆப்ளிகேஷன் 500, அசெட்ஸ் 560, உபரி 60. ஆனா அந்த உபரிய திரும்ப எடுத்துக்கவோ எதிர்கால கட்டணத்த குறைச்சுக்கவோ முடியற அளவு, அதோட இன்னிக்கு மதிப்பு, 30 தான்னா பேலன்ஸ் ஷீட்டுல அசெட்டுன்னு 30 தான் காட்டணும். மிச்ச 30 சீலிங் பாதிப்பு. அடுத்த வருஷம் அந்த சீலிங் பாதிப்புக்கும் 7% வட்டி போட்டு (2.1) நெட் வட்டில சேத்துட்டு, அதுக்கு மேல சீலிங் எவ்ளோ மாறுச்சோ அது ஓசிஐ. இந்த 2.1அ விட்டா என்ன ஆகும்னு இப்ப உங்களுக்கே தெரியும், ஓசிஐ அதையும் முழுங்கிட்டு கணக்கு டேலி ஆயிடும்.